நவராத்திரியில் பிள்ளைகள் பாட கோவில் கமிட்டியிடம் நேரம் கேட்கும் கடிதம்: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஆடி மாதம் என்றால் கோட்டை மாரியம்மனில் தொடங்கி குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் திருவிழா. பாட்டு வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் அப்போதுதான் பிள்ளைகளைக் கோவிலில் பாடவைக்கும் ஆசை வரும். ஆனால் ஆடியில் கேட்காதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, உருளுதண்டம், பொங்கல், வண்டி வேடிக்கை என்று அந்த விழாவின் ஒவ்வொரு நாளுக்கும் சொந்தமான ஒரு சடங்கு உண்டு. கூட்டம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. கமிட்டிக்காரர்களுக்கும் அன்றைக்கு நின்று பேச நேரம் இருக்காது. மைக் செட்டுக்காரரும் தபேலாக்காரரும் அந்த வாரம் கிடைக்கவே மாட்டார்கள்.

நவராத்திரி அப்படியல்ல. ஒன்பது நாளும் மாலையில் அம்மனுக்கு ஒரு புது அலங்காரம் நடக்கும். அபிஷேகம் முடிந்ததும் திரை போட்டுவிடுவார்கள். அலங்காரம் முடிந்து திரை விலக அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வந்த ஜனங்கள் மண்டபத்தில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பாட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கூட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, பார்க்க வேறொன்றும் இல்லை, பூஜைக்கும் குறுக்கே வராது. நாம் கேட்கப்போவது இந்த நேரத்தைத்தான். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வகைக் கோரிக்கையைப் பற்றியது.

எழுதும் முன்: கோவில் யாருடையது?

கடிதத்தில் 'பெறுநர்' என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்பதிலேயே பலருக்குத் தடுமாற்றம். கோவில் இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலருக்கு எழுதி, அறங்காவலர் குழுத் தலைவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். குழு இல்லாத கோவிலில் அதன் இடத்தில் துறை நியமித்த தக்கார் இருப்பார். சுகவனேஸ்வரர், கோட்டை மாரியம்மன் போன்ற பெரிய கோவில்களுக்கு இந்த வழிதான். தெருக் கோவில், சமூகக் கோவில் என்றால் விழாக் கமிட்டியின் தலைவருக்கும் செயலாளருக்கும் சேர்த்து எழுதுங்கள். பெயரளவில் முடிவெடுப்பவர் தலைவர் என்றாலும், நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் செயலாளர்.

நிறையப் பேர் மறந்துபோகும் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். நவராத்திரியின் ஒவ்வொரு நாளும் ஒரு உபயதாரருடையது. அன்றைய அபிஷேகம், அலங்காரம், சுண்டல், பூ எல்லாம் அவர் குடும்பத்தின் செலவு. சில கோவில்களில் அந்த நாள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருக்கும். அந்த மாலை வேளையில் மண்டபத்தில் நடக்கும் எதையும் அவர் தன் நாளின் சிறப்பாகத்தான் பார்ப்பார். அவரிடம் கேட்காமல் கமிட்டி உங்களுக்கு நேரம் கொடுத்துவிட்டால், அன்று மாலை மூன்றாவது பாட்டில் ஒருவர் வந்து, "இது யார் ஏற்பாடுங்க?" என்று கேட்பார். எனவே எந்த நாள் யாருடையது என்று செயலாளரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிடுங்கள். "உங்க உபயத்தன்னைக்கு எங்க பிள்ளைங்க பாடலாமுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் கடிதத்தில் 'அன்றைய உபயதாரரின் சம்மதத்தைப் பெற்றுள்ளோம்' என்று ஒரு வரி எழுத முடியும். கமிட்டிக்குப் பாதிக் கவலை அந்த வரியிலேயே தீர்ந்துவிடும்.

சுண்டல் செலவை நாங்களே ஏற்கிறோம் என்று ஆர்வத்தில் எழுதிவிடக் கூடாது. அது உபயதாரரின் உரிமை. நீங்கள் நல்லெண்ணத்தில் சொன்னது அவருக்குப் போட்டியாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெருக் கோவில்கள் பல ஒரு சமூகத்துக்கோ ஒரு தெருவுக்கோ உரியவை. வகுப்பு வேறு பகுதியில் இருந்தால், அந்தத் தெருப் பிள்ளை ஒன்றாவது உங்கள் வகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பிள்ளையின் அப்பாவோ தாத்தாவோ கடிதம் கொடுக்கும்போது கூட வரட்டும். இது சிபாரிசு இல்லை. இவர்கள் யார் என்று கமிட்டிக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது கொடுப்பது?

நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன். இதுதான் ஒரே கெடு. நோட்டீஸில் உங்கள் வகுப்பின் பெயரும் நேரமும் ஒரு வரியாக ஏறிவிட்டால் அதை யாரும் எளிதில் மாற்ற மாட்டார்கள். ஏறாவிட்டால், வாயால் எத்தனை முறை சரி என்று சொல்லியிருந்தாலும் அது காற்றில் போகும். நவராத்திரி புரட்டாசியில் வருவதால் ஆடித் திருவிழாவின் களைப்பு ஓய்ந்து ஆவணி பிறந்ததும் கடிதம் கமிட்டியின் கையில் இருக்க வேண்டும். பல கமிட்டிகள் அமாவாசையன்றோ வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகோ கூடும். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கொடுத்தால் கடிதம் மேசைக்கு வரும். ஒரு மாதம் முன்பே கொடுத்தால் செயலாளரின் பையில் ஏதோ ரசீதுகளுக்கு இடையில் கிடக்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளிக்கூட நாட்காட்டியையும் பாருங்கள். நவராத்திரி சில வருடம் காலாண்டு விடுமுறையில் விழும், சில வருடம் பள்ளி நாட்களில் வரும். பள்ளி நாள் என்றால், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து குளித்து, பாவாடை சட்டை மாற்றி, அம்மாபேட்டை நெரிசலைக் கடந்து ஆறு மணிக்கு வந்து சேருவது நடக்கிற காரியமா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

கமிட்டி கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு முடிப்பீங்க டீச்சர்?" என்ன பாடுவீர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். 'சுமார் அரை மணி நேரம்' என்று எழுதினால் அனுபவப்பட்ட செயலாளர் அதை ஒரு மணி நேரம் என்றுதான் படிப்பார். எனவே முதலில் வீட்டில் உட்கார்ந்து பாடவைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். அம்மாபேட்டையில் ஒரு பாட்டு வகுப்பு. 7 முதல் 13 வயது வரை 14 பிள்ளைகள். கோவிலில் 6.15க்கு அபிஷேகம், 6.45க்குத் திரை, 7.30க்குத் தீபாராதனை. ஆக 45 நிமிடம் இருக்கிறது. ஆனால் 45 நிமிடத்தையும் கேட்கக் கூடாது. அலங்காரம் சீக்கிரம் முடிந்தால் பூசாரி காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. எனவே 6.50 முதல் 7.15 வரை 25 நிமிடம் மட்டும் கேட்கிறோம்.

நவராத்திரியின் கடைசி மூன்று நாள் சரஸ்வதிக்கு உரியவை என்பதால் ஏழாம் நாளைக் கேட்டு, குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையைப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். அது பத்துப் பாட்டு. பிள்ளைகள் ராகத்தோடு பாடினால் ஒரு பாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகும், மொத்தம் 13 நிமிடத்துக்குள் முடியும். விநாயகர் துதி 2 நிமிடம். அபிராமி அந்தாதியில் ஐந்து பாட்டு 5 நிமிடம். மங்களம் 1 நிமிடம். பாட்டு மட்டும் 21 நிமிடம் ஆயிற்று. உட்கார, மைக் சரிசெய்ய, எழுந்து போக மீதி 4 நிமிடம்.

வரிசையையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். முழுதாகப் பாட வேண்டிய மாலையை முன்னால் வைத்து, எங்கே வேண்டுமானாலும் விடக்கூடிய அந்தாதிப் பாட்டுகளைப் பின்னால் வைத்தால், நேரம் குறைந்தாலும் நிகழ்ச்சி அறுந்துபோனதாகத் தெரியாது. ஒரே கீர்த்தனையை ஏழெட்டு நிமிடம் பாடும் நிகழ்ச்சிக்கு இந்த நேரம் ஒத்துவராது. நடுவில் மணி அடித்தால் பல்லவிக்குத் திரும்பக்கூட வழியிருக்காது.

இடக் கணக்கும் வேண்டும். வரிசைக்கு ஏழு பேராக இரண்டு வரிசை. சம்மணம் போட்டு உட்கார ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி என்றால் அகலம் பத்தரை அடி ஆகும். அதனால் 12 அடிக்கு 6 அடி இடம் கேட்கிறோம். சன்னதிக்கு நேராக உட்காராமல் ஒரு பக்கமாக உட்கார்ந்தால், திரை விலகும்போது பிள்ளைகள் அம்மனை மறைக்க மாட்டார்கள். இதைக் கடிதத்திலும் எழுதுங்கள்.

கடிதம்

ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கையால் எழுதினாலும் சரி, அச்சடித்தாலும் சரி. இது அழைப்பிதழ் அல்ல, விண்ணப்பம். எனவே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவத் தேவையில்லை. தெருக் கோவிலுக்கு என்றால் மேலே பிள்ளையார் சுழி போடலாம்; அறநிலையத்துறை அலுவலகத்துக்கு வேண்டாம்.

> அனுப்புநர்
> (ஆசிரியர் பெயர், வகுப்பின் பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்
> தலைவர் மற்றும் செயலாளர் அவர்கள்,
> நவராத்திரி விழாக் கமிட்டி,
> அருள்மிகு (அம்மன் பெயர்) திருக்கோவில், அம்மாபேட்டை, சேலம்.
>
> நாள்:
>
> ஐயா,
>
> பொருள்: நவராத்திரி ஏழாம் நாள் மாலை, அலங்கார நேரத்தில் பிள்ளைகள் பக்திப் பாடல் பாட 25 நிமிடம் வேண்டுதல்.
>
> வணக்கம். நான் (தெருவின் பெயர்) தெருவில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்தி வருகிறேன். நமது கோவில் தெருப் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள்.
>
> வரும் நவராத்திரி ஏழாம் நாள் (தேதி, கிழமை) மாலை 6.50 முதல் 7.15 வரை, அம்மனுக்கு அலங்காரம் நடக்கும் வேளையில், 7 முதல் 13 வயது வரையுள்ள 14 பிள்ளைகள் சகலகலாவல்லி மாலையும் அபிராமி அந்தாதியில் சில பாடல்களும் பாட அனுமதி வேண்டுகிறோம். பாடல் பட்டியல் இத்துடன் உள்ளது. அதில் இல்லாத எதையும் பாட மாட்டோம்.
>
> அலங்காரம் முன்னதாக முடிந்து மணி அடித்தால் அந்தப் பாட்டோடு நிறுத்திவிடுவோம். பிள்ளைகள் மண்டபத்தின் ஒரு பக்கமாக, சன்னதியை மறைக்காமல் உட்காருவார்கள். இதற்கு 12 அடிக்கு 6 அடி இடம், கோவில் மைக் இரண்டு, சுருதிப் பெட்டிக்கு ஒரு பிளக் பாயிண்ட் தேவை. ஜமக்காளம் நாங்கள் கொண்டுவருகிறோம்.
>
> பிள்ளைகளுடன் நானும் பெற்றோர் நால்வரும் இருப்போம். சன்மானம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அம்மன் பிரசாதம் கிடைத்தால் போதும். அன்றைய உபயதாரரின் சம்மதத்தைப் பெற்றுள்ளோம்.
>
> அன்று இயலாவிட்டால் எட்டாம் நாள் அதே நேரத்திலும் எங்களால் வர முடியும். அப்போது அந்த நாளின் உபயதாரரையும் நேரில் கண்டு கேட்டுக்கொள்கிறோம். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் தங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், பெயர்)
>
> இணைப்பு: பாடல் பட்டியல், பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோர் கைபேசி எண்

இந்தக் கடிதத்தில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். வகுப்பு வாங்கிய பரிசுகள் இல்லை. 'இளம் தலைமுறையினரிடம் பக்தியை வளர்க்கும் பொருட்டு' இல்லை. கமிட்டிக்கு அது தெரியும், அவர்கள் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். மணி அடித்தால் நிறுத்துவோம் என்ற வரிதான் கடிதத்தின் உயிர். கமிட்டி பூசாரியைக் கலந்து பேசும்போது அவர் தலையாட்டுவதும் ஆட்டாததும் அந்த வரியைப் பொறுத்தது. போன வருடம் யாரோ தீபாராதனை நேரத்திலும் பாடிக்கொண்டே இருந்ததால் இந்த வருடம் யாரையும் விட வேண்டாம் என்று முடிவெடுத்த கோவில்கள் உண்டு.

பாடல் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அடியை எழுதுங்கள். 'பக்திப் பாடல்கள்' என்று மட்டும் போட்டால், கடைசியில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் போடுவார்களோ என்ற பயம் கமிட்டிக்கு வரும். ஆட்டம் என்றால் சலங்கை, உடை மாற்ற ஒரு அறை, பெரிய இடம், பாட்டு ஒலிக்க ஸ்பீக்கர் என்று தேவைகள் ஏறிக்கொண்டே போகும். திரை போட்ட நேரத்துக்கு உட்கார்ந்து பாடுவதுதான் பொருத்தம். கோலாட்டம், கும்மி வேண்டுமென்றால் வெளிப் பிரகாரத்தில், தீபாராதனைக்குப் பிறகு, தனியாகக் கேளுங்கள்.

அறநிலையத்துறைக் கோவிலானால்

கடிதத்தின் சாரம் அதேதான், நடைமுறை மட்டும் வேறு. இரண்டு பிரதி எடுத்துப் போய் அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி கேட்கப் போகும்போது அந்த நகல்தான் பேசும். பெறுநர் இடத்தில் 'தலைவர் மற்றும் செயலாளர் அவர்கள், நவராத்திரி விழாக் கமிட்டி' என்பதை 'செயல் அலுவலர் அவர்கள்' என்று மாற்றுங்கள். சில கோவில்களில் உபயதாரரைக் கட்டளைதாரர் என்றும் சொல்வார்கள்.

செல்போன் விஷயம் இங்கே முக்கியம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோவில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டது. சுருதியைச் செல்போன் செயலியில் வைத்துப் பழகிய வகுப்புகள் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். தனி சுருதிப் பெட்டி எடுத்துப் போங்கள். வீடியோ எடுக்க வேண்டுமென்றால் அதற்கான அனுமதியைக் கடிதத்திலேயே தனி வரியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி மனஸ்தாபம் அங்கேதான் வரும்.

ஏற்காட்டில் கேட்பவர்களுக்கு

ஊருக்குள் இருக்கும் அம்மன், முருகன் கோவில்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். சேர்வராயன் கோவில் வேறு மாதிரி. அது குகைக் கோவில், உள்ளே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைக்க இடமில்லை. மே மாதத்தில் நடக்கும் அதன் திருவிழா மலைக் கிராமத்து மக்களுடையது. அங்கே கேட்பதென்றால் கடிதத்தோடு போகாமல், முதலில் ஊர்ப் பெரியவர்களை நேரில் பார்த்துப் பேசுங்கள். சேலத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போனால் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வயிறு புரட்டிக்கொண்டு வந்திறங்கும் பிள்ளை உடனே பாடாது, ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இரவு இறங்கவும் வண்டி ஏற்பாடு வேண்டும். எனவே கடிதத்தில் கேட்கும் நேரம் மாலை ஐந்து மணியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கொடுத்த பிறகு

கடிதத்தைச் செயலாளர் கையில் கொடுக்கும்போது அவர் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள். "பார்க்கலாமுங்க" என்றால் இன்னும் முடிவாகவில்லை, அல்லது இல்லை என்று சொல்லத் தயங்குகிறார். "நோட்டீஸ்ல போட்டுடலாம், வகுப்புப் பேரு என்னங்க?" என்றால் கிடைத்துவிட்டது. அந்த இடத்திலேயே ஒரு துண்டுத் தாளில் பெயரையும் நேரத்தையும் தெளிவாக எழுதிக் கொடுங்கள், எழுத்துப் பிழையோடு அச்சாகாது.

கூட்டம் முடிந்த மறுநாள் ஒரே ஒரு போன் போதும். நோட்டீஸின் புரூஃப் வந்ததும் ஒரு பார்வை பார்க்கக் கேளுங்கள். நேரம் 6.50 என்பது 8.50 ஆகியிருக்கலாம், அல்லது உங்களுக்கு முன்னால் 6.15க்கு ஒரு சொற்பொழிவு ஏறியிருக்கலாம். அதுதான் பெரிய ஆபத்து. சொற்பொழிவு 6.50க்கு முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. அப்படி இருந்தால் அப்போதே செயலாளரிடம், "எங்க பிள்ளைங்களை முதல்ல விட்டுடுங்க, நாங்க 25 நிமிஷத்துல எழுந்துடுவோம்" என்று கேளுங்கள். மாற்ற முடியாது என்றால் பத்து நிமிட வடிவம் ஒன்றைத் தயார் செய்யுங்கள்: துதி, மாலையில் நான்கு பாட்டு, மங்களம். பிள்ளைகளுக்கு இரண்டு வடிவமும் பழக்கமாக இருக்க வேண்டும்.

இன்னொரு நேரத் திருடன் பொன்னாடை. அன்று யாராவது பிரமுகர் வருவதாக இருந்தால் அவருக்கு மரியாதை செய்ய மைக்கைக் கேட்பார்கள், அது அலங்கார நேரத்தில்தான் நடக்கும். மரியாதையைப் பிள்ளைகள் உட்காருவதற்கு முன் முடித்துவிடும்படி முந்தின நாளே சொல்லி வையுங்கள். நடுவில் நிறுத்தினால் சின்னப் பிள்ளைகள் எழுந்து அம்மாவைத் தேடிப் போய்விடும், திரும்ப உட்காரவைக்கவே ஐந்து நிமிடம் ஆகும்.

பிள்ளைகள் பாடும் நாளுக்கு முந்தின நாள் மாலை நீங்கள் மட்டும் கோவிலுக்குப் போய் அபிஷேகம் எப்போது முடிகிறது, திரை எப்போது விழுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் போட்ட நேரத்துக்கும் நடக்கிற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரிந்துவிடும். பூசாரியையும் பார்த்து, "மணி அடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கை காட்டுங்க சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் கை தெரிகிற தூணோரம் நிற்க ஒரு பெற்றோரை அங்கேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.